பன்னிரண்டு மணி நேர டூட்டி: வாரச் சராசரி 72-ஆ, 84-ஆ?

மண்டபம் மகள்
வணக்கம். என் அப்பா மண்டபத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார். வேலைக்கு எடுத்தது ஏஜென்சி. அந்தக் கேட்டுக்கு இரண்டே பேர், அப்பாவும் இன்னொருவரும். பகல் டூட்டி காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, இரவு டூட்டி எட்டு முதல் மறுநாள் காலை எட்டு வரை. வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமையில், பகல்காரர் இரவுக்கும் இரவுக்காரர் பகலுக்கும் மாறுகிறார்கள்.

இப்போது ஏஜென்சி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறது. அதில் "வாரம் ஆறு டூட்டி, 72 மணி நேரம், ஒரு நாள் ஓய்வு" என்று அச்சடித்திருக்கிறார்கள். அப்பாவோ, "ஒரு வாரம் ஓய்வு வருகிறது, மறுவாரம் வருவதில்லை" என்கிறார். அப்படியானால் வாரச் சராசரி எவ்வளவு என்று எழுத வேண்டும்? கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாலிநோக்கம் உப்புக்காற்று
இதில் குழப்பமே இல்லை, தங்கச்சி. ஒரு வாரம் ஓய்வு உண்டு, எனவே ஆறு டூட்டி, 72 மணி. மறுவாரம் ஓய்வு இல்லை, எனவே ஏழு டூட்டி, 84 மணி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 78. ஏஜென்சி தாளில் ஆறு மணி நேரத்தைக் குறைத்து எழுதியிருக்கிறார்கள். 78 என்று திருத்தித் தரச் சொல்லுங்கள்.

உச்சிப்புளி டைம்கீப்பர்
உப்புக்காற்று தம்பி சரியான பாதையில்தான் போகிறார், ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டார். இரண்டு வாரத்தைச் சேர்த்துப் பார்த்தது சரி, 78 சரியில்லை. நான் ஓய்வு பெறும் வரை ஓர் ஆலையில் நேரப் பதிவு பார்த்தவன். இந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றத்தில் ஏமாந்தவர்கள் ஏராளம்.

முதலில் கேட்டைப் பாருங்கள், ஆளைப் பிறகு பார்க்கலாம். கேட் எந்த நாளும் மூடுவதில்லை. வாரத்துக்கு 24 பெருக்கல் 7, அதாவது 168 மணி நேரம் அங்கே ஓர் ஆள் நின்றாக வேண்டும். இரண்டே பேர், வெளியிலிருந்து மூன்றாவது ஆள் வருவதே இல்லை. அப்படியானால் 168-ஐ இருவரும்தான் சுமக்கிறார்கள். தலைக்கு 84. தம்பி சொல்லும் 78-ஐ எடுத்துக்கொண்டால் இருவருக்கும் சேர்த்து 156 வருகிறது. மீதி 12 மணி நேரம் கேட்டில் நின்றது யார்?

அந்த 12 மணி நேரம் ஞாயிறு இரவில் இருக்கிறது. ஒரு சுற்றை முழுதாக நடந்து பார்ப்போம். அப்பா இந்த வாரம் பகல். திங்கள் முதல் சனி வரை ஆறு பகல், 72 மணி. ஞாயிறு காலை எட்டுக்கு வழக்கம்போல் வருகிறார். இரவு எட்டுக்கு அவரை மாற்ற ஆள் வரமாட்டார், ஏனென்றால் இரவுக்காரர் அன்று காலைதான் இறங்கிப் போயிருக்கிறார், அவருக்கு அது ஓய்வு நாள். ஆகவே அப்பா அப்படியே இரவையும் பார்த்துவிட்டுத் திங்கள் காலை எட்டுக்குத்தான் இறங்குவார். இருபத்து நான்கு மணி நேரம் ஒரே நிலையில். அந்த வாரம் அவருக்கு 72-உடன் 24 சேர்ந்து 96 மணி. திங்கள் இரவு எட்டுக்கு மறுபடி வந்து இரவு டூட்டி தொடங்குகிறார். திங்கள் முதல் சனி வரை ஆறு இரவு, 72. ஞாயிறு காலை இறங்கினால் திங்கள் காலை வரை ஓய்வு. அதன்பின் பழையபடி பகல்.

பதினான்கு நாளில் 96-உம் 72-உம் கூட்டினால் 168. இரண்டு வாரத்துக்குப் பிரித்தால் 84. கேட்டின் கணக்கும் ஆளின் கணக்கும் ஒன்றாக வந்துவிட்டன. அப்படி வந்தால்தான் கணக்கு சரி.

ஏஜென்சி தாளில் உள்ள 72 முழுப் பொய்யும் இல்லை. இரவு வாரத்தை மட்டும் எடுத்து எழுதியிருக்கிறார்கள். சுற்று பதினான்கு நாள், அவர்கள் பார்த்தது ஏழு நாள். டபுள் டூட்டி எந்த வாரத்தில் விழுகிறதோ அந்த வாரத்தைத் தொடவே இல்லை.

தங்கச்சிமடம் படகு
எங்கள் விசைப்படகில் காலையில் ஏறினால் மறுநாள் காலையில்தான் கரை. அதற்கு யார் சராசரி போடுகிறார்கள்? கேட்டில் நாற்காலி இருக்கிறது, விசிறி இருக்கிறது. இதற்கு ஒரு வழக்கா?

மண்டபம் மகள்
படகு அண்ணன், உங்கள் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குப் பங்கு வருகிறது, அப்பாவுக்கு மணிக்கணக்கில் சம்பளம். கணக்கு தப்பினால் காசு தப்பிவிடும். அத்துடன், படகுகளுக்கு ஐஸ் ஏற்ற லாரிகள் விடிவதற்கு முன்பே வந்து வரிசை கட்டுகின்றன. அந்த நேரத்தில் நாற்காலியில் உட்கார முடியாது. ஒவ்வொரு லாரிக்கும் எத்தனை ஐஸ் பார் ஏறியது என்று எண்ணிச் சீட்டில் குறித்து, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கேட்டைத் திறக்க வேண்டும். இருபதாவது மணி நேரத்தில் ஒருவர் அந்த எண்ணிக்கையைச் செய்கிறார்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்
ராணுவத்தில் கார்டு டூட்டி என்றால் இரண்டு மணி நேரம் நிற்பது, நான்கு மணி நேரம் இளைப்பாறுவது. மூன்று பேர் மாறி மாறி வருவோம். ஒருவன் நாளில் எட்டு மணி நேரந்தான் நிற்பான், ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் கார்டு அறையில் பூட்ஸைக் கழற்றாமல் இருப்பான். அதை எட்டு என்று எழுதுவதா, இருபத்து நான்கு என்று எழுதுவதா என்று நாங்களும் பேசிக்கொள்வோம். பதில் கிடைத்ததில்லை. இங்கே இளைப்பாறுவதற்கு இரண்டாவது ஆளே இல்லை, எனவே அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. இருபத்து நான்கு என்பது இருபத்து நான்குதான்.

மண்டபம் மகள்
டைம்கீப்பர் ஐயா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "இதைத்தான் நான் சொன்னேன்" என்றார். கையெழுத்துப் போடவில்லை. ஏஜென்சி சூப்பர்வைசர் இப்போது வேறு வழி சொல்கிறார். மூன்றாவதாக ஓர் ஆள் போடுகிறார்களாம். இரண்டு பகல், இரண்டு இரவு, இரண்டு நாள் ஓய்வு. "நான்கு டூட்டி, 48 மணி நேரம். சட்டம் சொல்வதும் 48. இனி ஓவர்டைம் பேச்சே வேண்டாம்" என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

வாலிநோக்கம் உப்புக்காற்று
ஒப்புக்கொள்ளுங்கள். 84-லிருந்து 48-க்கு இறங்குகிறது. டபுள் டூட்டியும் ஒழிந்தது. இதைவிட என்ன வேண்டும்?

உச்சிப்புளி டைம்கீப்பர்
முறை நல்ல முறைதான். எண்தான் தவறு.

இரண்டு பகல், இரண்டு இரவு, இரண்டு ஓய்வு: கூட்டினால் ஆறு நாள். அந்த 48 மணி நேரம் ஆறு நாளுக்கானது. வாரத்துக்கோ ஏழு நாள். ஏழாவது நாள் அடுத்த சுற்று தொடங்கிவிடும், அன்று மறுபடி பகல் டூட்டி. ஆறு நாளுக்கு 48 என்றால் நாளுக்குச் சராசரி 8, ஏழு நாளுக்கு 56. கேட்டின் பக்கமிருந்து பார்த்தாலும் அதுதான், 168-ஐ மூன்று பேருக்குப் பிரித்தால் 56.

சுற்று ஆறு நாளாகவும் வாரம் ஏழு நாளாகவும் இருப்பதால் இரண்டும் ஒன்றோடொன்று நகர்ந்துகொண்டே போகும். மறுபடி ஒரே கிழமையில் சேர 42 நாள், அதாவது ஆறு வாரம் ஆகும். ஒரு திங்கட்கிழமை முதல் பகலில் தொடங்கி எழுதிப் பாருங்கள். முதல் நான்கு வாரமும் வாரத்துக்கு ஐந்து டூட்டி, 60 மணி. ஐந்தாவது, ஆறாவது வாரங்களில் நான்கு டூட்டி, 48 மணி. மொத்தம் 28 டூட்டி, 336 மணி. ஆறால் வகுத்தால் 56.

ஞாயிறு இரவு தொடங்கும் டூட்டி திங்கள் காலையில் முடியும்போது எந்த வாரத்தில் சேர்ப்பது என்று கேட்பார்கள். தொடங்கிய நாளில் சேருங்கள். வேறு எப்படிச் சேர்த்தாலும் ஒரு வாரத்தின் எண் ஏறும், அடுத்ததன் எண் இறங்கும். முழுச் சுற்றின் சராசரி அசையாது.

ஏஜென்சி உங்களிடம் மாதிரிக்கு ஒரு வாரப் பட்டியலைக் காட்டினால், அது ஐந்தாவது வாரமாகவோ ஆறாவது வாரமாகவோதான் இருக்கும். ஆறு வாரத்தையும் கேளுங்கள்.

கீழக்கரை சூப்பர்வைசர்
நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், வேறு ஏஜென்சி. எல்லாப் பழியையும் எங்கள் மேல் போடாதீர்கள். வாரத்துக்கு 48 மணி நேரம் ஓர் ஆள் என்று வைத்தால் ஒரு கேட்டுக்கு 168-ஐ 48-ஆல் வகுத்து மூன்றரை ஆள் வேண்டும். காய்ச்சல், கல்யாணம், விடுப்பு எல்லாம் சேர்த்தால் நான்கு பேர். எந்த முதலாளி நான்கு பேருக்குப் பணம் தருகிறார்? இரண்டு பேருக்குத்தான் பில் போடச் சொல்கிறார். நாங்கள் நடுவில் நிற்கிறோம்.

ரிலீவர் போடும் வழியும் உண்டு. ஒரு ரிலீவர் வாரத்தில் ஆறு நாள் வருவார். பக்கத்துப் பக்கத்தில் மூன்று கேட் இருந்தால், ஒவ்வொன்றிலும் ஒரு பகல், ஓர் இரவு என்று ஆறு டூட்டி பார்ப்பார். மற்றவர்களுக்கு உண்மையாகவே வாரம் ஆறு டூட்டி, 72 மணி ஆகிவிடும். ஏஜென்சி தாளில் உள்ள 72 அப்படிப்பட்ட ஒப்பந்தத்திலிருந்து எடுத்ததாக இருக்கலாம். ஆனால் மண்டபத்தில் ஒன்று, பாம்பனில் ஒன்று, ராமேசுவரத்தில் ஒன்று என்று கேட்கள் சிதறிக் கிடந்தால் ரிலீவர் பஸ்ஸைத் தவறவிட்ட அன்று எல்லாம் போய்விடும். அன்று நின்றவர்தான் தொடர்ந்து நிற்பார்.

ஒரு விடுதியில் நாங்கள் நான்கு பேர் போட்டிருக்கிறோம். நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. எட்டு நாளில் 48 மணி, வாரத்துக்கு 42. இது 48-க்குக் கீழே. எனவே அங்கே ஓவர்டைம் இல்லை. இது சரிதானே?

உச்சிப்புளி டைம்கீப்பர்
42 சரி. "எனவே ஓவர்டைம் இல்லை" என்பது சரியில்லை. இந்த இரண்டும் வெவ்வேறு கேள்விகள், ஒன்றைக் கொண்டு மற்றொன்றுக்குப் பதில் சொல்ல முடியாது.

சராசரி எதற்கு உதவும்? எத்தனை ஆள் வேண்டும், ஒருவர் எவ்வளவு களைப்பார், ஒரு முறையையும் மற்றொரு முறையையும் எப்படி ஒப்பிடுவது, தாளில் எழுதிய எண் உண்மையா என்று பார்க்க உதவும். ஓவர்டைமைச் சராசரி தீர்மானிப்பதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்தையோ ஒரு வாரத்தில் 48 மணி நேரத்தையோ தாண்டினால் இரட்டிப்புச் சம்பளம் என்றது. அதில் 'அல்லது' இருந்தது, சராசரி இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் நாளுக்கு எட்டு மணி என்பதுதான் அடிப்படை, அதற்குமேல் வேலை வாங்கினால் இரட்டிப்பு. உங்கள் விடுதிக்காரர் நான்கு நாள் ஓய்வெடுத்தார் என்பதால், வேலை செய்த நாளின் பன்னிரண்டு மணி எட்டாகிவிடாது.

மண்டபத்து மூன்று ஆள் முறையில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள். ஆறு வாரத்தில் 336 மணி. வாரத்துக்கு 48 என்று கழித்தால் 288 போக மீதி 48 மணி நேரம் ஓவர்டைம். நாளுக்கு எட்டு என்று கழித்தால் 28 டூட்டிக்கு 224 போக மீதி 112 மணி நேரம். இரண்டையும் கூட்டிக் கேட்கக் கூடாது, ஒரே மணி நேரத்தை இரண்டு முறை எண்ணியதாகும். எது கூடுதலோ அதைக் கேட்கலாம். சூப்பர்வைசர் சொன்ன "48-தான், ஓவர்டைம் பேச்சே வேண்டாம்" என்ற வாக்கியத்துக்குள் ஆளுக்கு 112 மணி நேரம் மறைந்திருக்கிறது.

கீழக்கரை சூப்பர்வைசர்
பன்னிரண்டு மணி நேரத்தில் சாப்பாடு, தேநீர், தொழுகை எல்லாம் இருக்கிறது. இடைவேளை போக ஒன்பது மணி நேரம் வேலை என்றுதான் எங்கள் பதிவில் எழுதுகிறோம். வந்து போகும் நேரம் பன்னிரண்டு இருந்தாலும் வேலை நேரம் ஒன்பது. இது ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்ததில்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார்
சாப்பிடும்போது கேட்டை யார் பார்க்கிறார்கள்?

கீழக்கரை சூப்பர்வைசர்
அவரேதான். அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்
லாரி வந்தால் கையைக் கழுவிவிட்டு எழுந்து போவார், இல்லையா? அதற்குப் பெயர் இடைவேளையா?

உச்சிப்புளி டைம்கீப்பர்
எனக்கும் ஹவில்தார் ஐயாவின் எண்ணம்தான். கேட்டை விட்டு வெளியே போக அனுமதியும், அந்த நேரத்துக்கு மாற்று ஆளும் இருந்தால் இடைவேளை என்று ஒப்புக்கொள்ளலாம். ஒற்றை ஆள் நிற்கும் கேட்டில் அது இருக்க வழியில்லை. ஆனால் ஏஜென்சிகள் இதை விட்டுக்கொடுக்கமாட்டார்கள். வழக்கு என்று போனால் முதலில் வாதிடப்போவதும் இதைத்தான். கையில் சான்று வேண்டும். இரவு ஒரு மணிக்கு வந்த லாரியின் சீட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் குறித்த பார் எண்ணிக்கை, இப்படி எதுவானாலும். மண்டபம் மகளே, அந்தச் சீட்டுகளில் நேரம் எழுதுகிறார்களா? வருகைப் பதிவேட்டையும் ஒருமுறை பாருங்கள். சென்ற மாதம் இருவருக்கும் சேர்த்து எத்தனை டூட்டி எழுதியிருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

வாலிநோக்கம் உப்புக்காற்று
எண்ணி என்ன ஆகப்போகிறது, ஐயா? அதுதான் 84 என்று தெரிந்துவிட்டதே.

மண்டபம் மகள்
சீட்டில் நேரம் இருக்கிறது, கார்பன் நகல் கேட்டிலேயே தங்குகிறது. பதிவேட்டையும் அப்பா கைப்பேசியில் படம் எடுத்து வந்தார். 31 நாள் மாதம், நான்கு ஞாயிறு. அப்பாவுக்கு 29 டூட்டி, மற்றவருக்கு 29. மொத்தம் 58.

ஞாயிற்றுக்கிழமை வரிசையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பகல் கட்டத்தில் அப்பாவின் கையெழுத்தும் நேரமும் ஒழுங்காக இருக்கின்றன. இரவுக் கட்டத்தில் வேறு மையில் "மேற்படி" என்று மட்டும் இருக்கிறது. வந்த நேரம் இல்லை, போன நேரம் இல்லை, டூட்டி எண்ணிக்கையும் இல்லை. அந்தக் கையெழுத்து அப்பாவுடையது இல்லை.

உச்சிப்புளி டைம்கீப்பர்
அதற்காகத்தான் கேட்டேன், உப்புக்காற்று தம்பி. 31 நாளுக்கு 62 டூட்டி இருக்க வேண்டும், 744 மணி நேரம். பதிவேட்டில் 58. குறைவது நான்கு, மாதத்தில் இருந்ததும் நான்கு ஞாயிறு இரவு. இருவருக்கும் சேர்த்து 48 மணி நேரம் எழுதப்படவே இல்லை. அதாவது உங்கள் 78, தம்பி, பதிவேடு சொல்லும் கணக்கு. ஞாயிறு இரவை விட்டுவிட்டுப் பார்த்தால் அதுதான் வரும். 84 நடந்த கணக்கு.

படங்களை அழித்துவிடாதீர்கள். இனி ஞாயிறு இரவு எட்டு மணிக்கு அப்பா தன் கையாலேயே "வந்த நேரம் 8.00" என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். திங்கள் காலை போன நேரத்தையும் எழுதட்டும். "மேற்படி" எழுத இடம் வைக்கக் கூடாது.

டூட்டி மாற்றத்துக்குக் கால் மணி நேரம் முன்பே வரச் சொல்கிறார்களா? வந்தால் அதுவும் ஆளுக்கு மாதத்துக்கு ஏழு மணி நேரம் போல ஆகும். சாவியும் சீட்டுக் கட்டும் ஒப்படைக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் இருவருமே கேட்டில் இருப்பதால் 744-ஐத் தாண்டி வரும். நான் அதைத் தனி வரியாக எழுதுவேன், சராசரியில் கலக்கமாட்டேன்.

கீழக்கரை சூப்பர்வைசர்
கால் மணி நேரத்துக்கெல்லாம் யாரும் தரமாட்டார்கள். அதை இழுத்தால் மற்றதும் கெட்டுப்போகும். மண்டபம் சகோதரி, ஞாயிறு இரவை மட்டும் கேளுங்கள். அது எழுத்தில் தெளிவாக நிற்கிறது.

மண்டபம் மகள்
இன்னொரு சந்தேகம். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஐஸ் உற்பத்தி பெரும்பாலும் நின்றுவிடும். அந்த 61 நாளும் பகலில் ஆலை ஆட்களே கேட்டைப் பார்த்துக்கொள்வார்கள். அப்பாவும் மற்றவரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவு மட்டும் போவார்கள். ஏஜென்சி, "வருடம் முழுதும் சேர்த்துப் பார்த்தால் சராசரி குறைவுதான்" என்கிறது. அதையும் சேர்க்க வேண்டுமா?

தங்கச்சிமடம் படகு
தடைக்காலத்தில் எங்களுக்கு வருமானமே இல்லை. அதையும் சேர்த்துச் சராசரி போட்டால் நாங்கள் வேலையே செய்யாதவர்கள் ஆகிவிடுவோம். சேர்க்காதீர்கள்.

உச்சிப்புளி டைம்கீப்பர்
படகுக்காரர் முதலில் வந்த வேகத்துக்கு இப்போது எவ்வளவோ பரவாயில்லை. அவர் சொல்வது சரி. தடைக்காலத்தில் நடப்பது வேறு சுற்று. இரண்டு நாளுக்கு ஒரு டூட்டி, இரண்டு வாரத்துக்கு ஏழு டூட்டி, வாரத்துக்கு 42. அதைத் தனியாக எழுதி, தேதியும் போட்டு வையுங்கள். சுற்று எதுவரை மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறதோ அதுவரைதான் ஒரு சராசரி செல்லும். முறை மாறிய நாளில் பழைய கணக்கை மூடிவிட்டுப் புதியதைத் தொடங்க வேண்டும். ஏப்ரலில் படுத்துத் தூங்கியதை வைத்து ஐப்பசி மழையில் இருபத்து நான்கு மணி நேரம் நின்றதை ஈடுகட்ட முடியாது.

கீழக்கரை சூப்பர்வைசர்
இதில் எனக்கு உடன்பாடில்லை. மாதச் சம்பளம் ஒரே தொகையாகப் பேசியிருந்தால் தடைக்காலத்திலும் அதே தொகைதானே வருகிறது? அப்போது குறைந்த வேலைக்கு முழுச் சம்பளம் வாங்கியதை ஏஜென்சி கணக்கில் காட்டத்தான் செய்யும்.

மண்டபம் மகள்
தடைக்காலத்தில் பாதிச் சம்பளம்தான் தந்தார்கள்.

கீழக்கரை சூப்பர்வைசர்
அப்படியானால் நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

மண்டபம் மகள்
மூன்றாவது ஆள் வரும் வியாழன் சேருகிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆறு வாரப் பட்டியலை எழுத்தில் கேட்டோம். முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள், இரண்டிலும் ஐந்து டூட்டி இருக்கிறது. தாளில் இப்போதும் "வாரம் 48" என்றே அச்சாகியிருக்கிறது. அதை அடித்து 56 என்று எழுதி, பக்கத்தில் "முழுச் சுற்று 42 நாள், 28 டூட்டி" என்று குறித்தால்தான் கையெழுத்து என்று அப்பா சொல்லிவிட்டார். ஞாயிறு இரவுகளுக்கு உரிய பாக்கியைத் தனி மனுவாக எழுதுகிறோம். உடன் இருக்கும் காவலர் சேர்ந்து கையெழுத்திடத் தயங்குகிறார், அவருக்கு இந்த வேலையை விட்டால் வேறு இல்லை. அவரை வற்புறுத்தவில்லை.

உச்சிப்புளி டைம்கீப்பர்
அவர் பெயரில்லாமலும் மனு நிற்கும். அப்பாவின் இரண்டு ஞாயிறுகளை மட்டும் மாதாமாதம் தேதியுடன் எழுதுங்கள், அந்த இரவுகளின் லாரிச் சீட்டு எண்களையும் பக்கத்தில் போடுங்கள். பழைய மாதங்களுக்குக் கார்பன் நகல்கள் எதுவரை பத்திரமாக இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். கடற்கரைக் காற்றில் அந்த மை சீக்கிரம் மங்கிவிடும், இன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.